காதால் படிப்பவருக்கும் ஒரு மின்னஞ்சல்

பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. தலைப்பில் ‘முக்கிய அறிவிப்பு’ என்று மட்டும் இருக்கிறது. திறந்தால் பள்ளியின் சின்னம். அதன் கீழே, அலுவலகத்தில் யாரோ மெனக்கெட்டு வடிவமைத்த ஒரு சுவரொட்டி. பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு எந்த வகுப்புக்கு எப்போது, கட்டணம் கட்டக் கடைசி நாள் எது, எந்தப் பேருந்தின் நேரம் மாறியிருக்கிறது என எல்லாமே அந்த ஒரே படத்துக்குள் வண்ண வண்ணக் கட்டங்களில் இருக்கின்றன. மூலையில் கியூஆர் கோடு. படத்துக்குக் கீழே மூன்று வரிகள்: கட்டணம் செலுத்த இங்கே க்ளிக் செய்யவும், பேருந்து நேரங்களுக்கு இங்கே க்ளிக் செய்யவும், வருகையை உறுதிசெய்ய இங்கே க்ளிக் செய்யவும். மூன்றிலும் ‘இங்கே க்ளிக் செய்யவும்’ மட்டும் நீல நிறத்தில் அடிக்கோடிட்டிருக்கிறது.

பார்வையற்ற ஒரு தாய் இதே மின்னஞ்சலைத் தன் போனில் திறந்தால் என்ன கேட்கும்? அவர் பயன்படுத்துவது ஸ்கிரீன் ரீடர். திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் அது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று அது போனுடனேயே வருகிறது. விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் அதை எழுதத் தொடங்கினார். தமிழையும் அது வாசிக்கும்.

ஆனால் எழுத்து இருந்தால்தான் வாசிக்க முடியும். படத்துக்குள் இருப்பது எழுத்தல்ல, எழுத்தின் வடிவத்தில் இருக்கும் வண்ணப் புள்ளிகள். அந்தச் சுவரொட்டி வரும்போது சில ஸ்கிரீன் ரீடர்கள் ‘படம்’ என்று மட்டும் சொல்லும். சில, கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிக்கும். சில, ஒன்றுமே சொல்லாமல் தாண்டிப் போய்விடும். புதிய போன்கள் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க முயல்கின்றன என்பது உண்மை. ஆனால் கட்டம் கட்டமாக இருக்கும் சுவரொட்டியில் 6ஆம் வகுப்பின் நேரம் 8ஆம் வகுப்போடு ஒட்டிக்கொண்டு வர வாய்ப்பு அதிகம். தேதியைத் தவறாகச் சொல்லும் குரலை நம்பி ஒருவர் பள்ளிக்குக் கிளம்புவதைவிட, ஒன்றுமே கேட்காமல் இருப்பது மேல்.

நல்ல பார்வை உள்ளவருக்கும் இந்தப் படம் சுகமானதல்ல. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். போன் திரையின் அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். தாளுக்காக வடிவமைத்த படம் போனில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. தாளில் 12 புள்ளி அளவில் வசதியாகப் படித்த எழுத்து, போனில் 4 புள்ளி ஆகிவிடும். மருந்துச் சீட்டுக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்பைப் போலத்தான் அதைப் படிக்க வேண்டும். இரண்டு விரலால் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் வலது பக்கம் இழுத்து, மறுபடி இடது பக்கம் திரும்ப வேண்டும். கியூஆர் கோடோ இன்னும் மோசம். அதைப் பார்க்கும் போனையே அதன் முன்னால் காட்டி ஸ்கேன் செய்ய முடியாது.

இந்த இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்று. அதனால் மருந்தும் ஒன்று. செய்தியைப் படத்திலிருந்து வெளியே எடுத்து, மின்னஞ்சலின் உடலில் நேரடியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அப்படிச் செய்த எழுத்து, திரையின் அகலத்துக்கு ஏற்பத் தானே மடங்கிக்கொள்ளும். பெரிய எழுத்து வேண்டும் என்று போனில் அமைத்து வைத்திருக்கும் தாத்தாவுக்குப் பெரிதாகத் தெரியும். காதால் படிப்பவருக்குக் கேட்கும். சுவரொட்டியை விட மனமில்லையென்றால் அதுவும் கீழே இருக்கட்டும். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு தகவலும் எழுத்திலும் இருக்க வேண்டும். கணினியில் ஜிமெயிலைப் பயன்படுத்துபவர்கள், செருகிய படத்தின்மேல் க்ளிக் செய்தால் வரும் Edit alt text என்ற இடத்தில் ‘பெற்றோர் சந்திப்புச் சுவரொட்டி. விவரங்கள் அனைத்தும் மேலே எழுத்தில் உள்ளன’ என்று எழுதிவிடலாம். படம் வரும் இடத்தில் ஸ்கிரீன் ரீடர் அதைச் சொல்லும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு குழி இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு நாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். தமிழகத்திலும் இலங்கையிலும் பல அச்சகங்களும் அலுவலகங்களும் இன்னும் அதை விடவில்லை. பாமினியில் ‘வணக்கம்’ என்று அடித்தால் கண்ணுக்குத் தமிழ்தான் தெரியும். ஆனால் கோப்புக்குள் உண்மையில் பதிவாவது இதுதான்:

```
tzf;fk;
```

ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிடுவதுதான் அந்த எழுத்துருவின் வேலை. ஸ்கிரீன் ரீடர் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே பதிவானதை வாசிக்கும். ஆகவே ‘டி, இசட், எஃப், செமிகோலன்’ என்று ஒரு முழுப் பக்கத்தையும் வாசித்துத் தள்ளும். பாமினி இல்லாத போனில் கண்ணுக்கும் அதே கதிதான். உங்கள் அலுவலகத்தின் பழைய சுற்றறிக்கை எந்த வகை என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, எழுத்துரு வடிவமைப்பு கூடவே வராதபடி வெறும் எழுத்தாக மின்னஞ்சலில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் பெரும்பாலும் யூனிகோடு. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் பழைய எழுத்துரு. அதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட வேண்டும். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும். நகலெடுக்கவே முடியவில்லையென்றால் அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப், அதாவது மறுபடியும் வெறும் படம்.

அடுத்தது லிங்க். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஏனென்றால் இது எல்லோரும் தவறு செய்யும் இடம், அரை நிமிடத்தில் திருத்தவும் முடியும்.

கண்ணால் படிப்பவர் ஒரு மின்னஞ்சலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிப்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்து, தனக்கு வேண்டிய இடத்தில் கண்ணை நிறுத்துகிறார். காதால் படிப்பவரும் அதையே செய்ய விரும்புகிறார். அதற்காக ஸ்கிரீன் ரீடரில் குறுக்குவழிகள் உண்டு. என்விடிஏவில் Insert விசையோடு F7ஐ அழுத்தினால் அந்தப் பக்கத்திலுள்ள லிங்க்குகள் எல்லாம் ஒரு பட்டியலாக வந்துவிடும். டாக்பேக்கில் ‘லிங்க்’ என்ற அமைப்பைத் தேர்ந்துகொண்டால், விரலைக் கீழ்நோக்கி இழுக்க இழுக்க நடுவிலுள்ள வரிகளைத் தாண்டி லிங்க்குகளில் மட்டும் நிற்கும். அப்படி வரும்போது லிங்க்கில் அடிக்கோடிட்ட சொற்கள் மட்டுமே கேட்கும். முன்னால் என்ன எழுதியிருந்தது என்பது கேட்காது. நம் பள்ளி மின்னஞ்சலில் கேட்பது: ‘இங்கே க்ளிக் செய்யவும், லிங்க். இங்கே க்ளிக் செய்யவும், லிங்க். இங்கே க்ளிக் செய்யவும், லிங்க்.’ எது கட்டணம், எது பேருந்து? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் திரும்பி வர வேண்டியதுதான்.

திருத்துவது எப்படி? நம் வாக்கிய அமைப்பே உதவிக்கு வருகிறது. ‘கட்டணம் செலுத்த இங்கே க்ளிக் செய்யவும்’ என்பதில் வேண்டிய தகவல் ஏற்கனவே முன்னால் நிற்கிறது. அடிக்கோடுதான் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. ‘இங்கே’யை எடுத்துவிட்டு, ‘ஜூலை மாதக் கட்டணம் செலுத்துங்கள்’ என்ற முழுத் தொடரையும் லிங்க்காக்கினால் போதும். கணினியில் ஜிமெயிலில் அந்தச் சொற்களைத் தேர்ந்து, Ctrl விசையோடு K அழுத்தி, முகவரியை ஒட்ட வேண்டும். வேறுபடுத்திக் காட்டும் சொல் முதலில் வருவது நல்லது. ‘கட்டணம்’, ‘பேருந்து’, ‘வருகை’ என்று தொடங்கினால் முதல் சொல்லைக் கேட்டதுமே வேண்டாததைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். ‘கூடுதல் விவரங்களுக்குக் கீழ்க்காணும் கட்டணம்’ என்று தொடங்கினால் கேட்பவர் அத்தனையையும் பொறுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். லிங்க்கைத் திறந்தால் இணையப் பக்கம் வராமல் கோப்பு இறங்கும் என்றால் அதையும் லிங்க்கிலேயே சொல்லிவிடுங்கள்: ‘பேருந்து நேரங்கள், பிடிஎஃப், 2 எம்பி’. டேட்டா குறைவாக வைத்திருப்பவர் அப்போதே முடிவெடுத்துக்கொள்வார். இணையத்துக்கான தர நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிமுறைகளிலும், லிங்க்கின் நோக்கம் புரிய வேண்டும் என்பது அடிப்படை நிலையிலேயே இருக்கிறது.

முகவரியை அப்படியே ஒட்டிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அதில் கேள்விக்குறியும் சமக்குறியும் எண்களும் கலந்து இரண்டு வரிக்கு நீளும். ஸ்கிரீன் ரீடர் அத்தனையையும் ‘ஸ்லாஷ், ஸ்லாஷ், டாட்’ என்று வாசிக்கும். சிறிய திரையில் அது மூன்று நான்கு வரியாக உடைந்து நிற்கும். சுருக்கிய முகவரி நீளத்தைக் குறைக்கும், ஆனால் எங்கே போகிறது என்பதைச் சொல்லாது.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. பெயரை எழுதி முகவரியை மறைப்பதுதானே மோசடிக்காரர்களின் வேலை? வங்கி என்று எழுதியிருக்கும், வேறெங்கோ கூட்டிப்போகும். அந்தப் பயம் சரியானதுதான். அதனால் பணம் சம்பந்தப்பட்ட லிங்க்குக்கு முந்தின வரியில், அது எந்தத் தளத்துக்குப் போகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ‘கட்டணத்தைப் பள்ளியின் சொந்த இணையதளத்தில் மட்டுமே வாங்குகிறோம். வழக்கமாக நீங்கள் மதிப்பெண் பார்க்கும் அதே தளம்’ என்றால் போதும். சந்தேகம் வந்தவர் லிங்க்கைத் தொடாமல் நேரே அந்தத் தளத்துக்குப் போய்க்கொள்ளலாம். போனில் லிங்க்கை அழுத்திப் பிடித்தாலும் முழு முகவரி தெரியும்.

அடுக்கி எழுதும் விதத்துக்கு வருவோம். சுவரொட்டியில் வகுப்பு, நேரம், அறை என்று பத்திகளாக இருந்ததை, மின்னஞ்சலில் இடைவெளிவிட்டு இடைவெளிவிட்டு நேராக நிறுத்தப் பார்ப்பார்கள். கணினியில் அழகாக நிற்கும். போனில் வரி மடங்கியதும், 6ஆம் வகுப்பின் அறை எண் 7ஆம் வகுப்புக்கு மேலே போய்த் தனியாகத் தொங்கும். அட்டவணையாகப் போட்டாலோ நான்கு பத்தியைத் தாண்டினால் போன் அதை நுழைப்பதற்காக எழுத்தைச் சுருக்கும், அல்லது பக்கவாட்டில் இழுக்க வைக்கும். ஸ்கிரீன் ரீடரில் கேட்பவர் ‘10.30’ என்ற கட்டத்துக்கு வரும்போது அது எந்த வகுப்பு என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் போன்ற உண்மையான அட்டவணைக்கு வேறு வழியில்லை. மூன்று வகுப்புக்கான நேரத்தைச் சொல்ல அட்டவணை எதற்கு? ஒரு வகுப்புக்கு ஒரு வரி போதும்.

இப்போது அந்த மின்னஞ்சலை முழுமையாகத் திருத்தி எழுதிப் பார்க்கலாம். தலைப்பு: ‘பெற்றோர் சந்திப்பு ஜூலை 11, கட்டணம் ஜூலை 15க்குள்’. போனின் பட்டியலில் தலைப்பின் முதல் நான்கைந்து சொற்கள்தான் தெரியும் என்பதால் ‘முக்கிய அறிவிப்பு’ என்பதில் அவற்றை வீணாக்கவில்லை. உள்ளே:

> அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.
>
> பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு ஜூலை 11, சனிக்கிழமை நடக்கிறது. உங்கள் பிள்ளையின் வகுப்புக்கான நேரம்:
>
> 6ஆம் வகுப்பு: காலை 9.30 மணி, தரைத்தளம், அறை 4.
>
> 7ஆம் வகுப்பு: காலை 10.30 மணி, தரைத்தளம், அறை 5.
>
> 8ஆம் வகுப்பு: காலை 11.30 மணி, முதல் மாடி, அறை 12. படி ஏற இயலாதவர்கள் அலுவலகத்தில் சொன்னால் ஆசிரியர் கீழே வருவார்.
>
> *வருகையை உறுதிசெய்யுங்கள்*
>
> இந்தப் பருவக் கட்டணத்துக்குக் கடைசி நாள் ஜூலை 15. பள்ளியின் இணையதளத்திலோ அலுவலகத்தில் நேரிலோ செலுத்தலாம்.
>
> *பருவக் கட்டணம் செலுத்துங்கள்*
>
> 3ஆம் எண் பேருந்து திங்கள் முதல் 10 நிமிடம் முன்னதாகக் கிளம்பும். மற்றப் பேருந்துகளின் நேரம் மாறவில்லை.
>
> *பேருந்து நேரங்கள், பிடிஎஃப், 2 எம்பி*

சாய்ந்த எழுத்தில் இருக்கும் மூன்றும் லிங்க்குகள். ஒவ்வொன்றும் தனி வரியில் நிற்பதற்குக் காரணம் உண்டு. கட்டை விரல் தொடும் இடத்துக்குக் குறைந்தது 48 அலகு, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர், உயரமும் அகலமும் வேண்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டி. ஒரே வரியில் இரண்டு லிங்க்குகள் நெருங்கி நின்றால் கட்டணத்தைத் தொடப்போய் பேருந்து திறக்கும். கை நடுங்குபவருக்கு இது ஒவ்வொரு முறையும் நடக்கும். சொல்லும் வரிசையும் கவனித்துச் செய்ததுதான். முதலில் செய்தி, உடனே அதற்கான லிங்க், பிறகு அடுத்த செய்தி. எல்லா லிங்க்கையும் கடைசியில் குவித்தால், கேட்பவர் மறுபடி மேலே போய் எதற்கு எது என்று பொருத்த வேண்டும்.

சின்ன விஷயங்கள் சில. செய்திகளைப் பிரிக்க நட்சத்திரக் குறிகளை வரிசையாகப் போட வேண்டாம். சில ஸ்கிரீன் ரீடர்கள் அவற்றை எண்ணிச் சொல்லும், சில ஒவ்வொன்றாகச் சொல்லும். ஒரு வெற்று வரி போதும். கைகூப்பும் எமோஜியை மூன்று முறை போட்டால் அதன் பெயர் மூன்று முறை கேட்கும். ‘சிவப்பில் உள்ள வகுப்பினர் கட்டாயம் வரவேண்டும்’ என்று எழுதினால் நிறம் பிரித்தறிய முடியாதவருக்குச் செய்தியே போய்ச் சேராது. ‘கட்டாயம்’ என்று வகுப்பின் பக்கத்திலேயே எழுதுங்கள். வேர்டிலிருந்தோ வேறு மின்னஞ்சலிலிருந்தோ நகலெடுத்தால் பழைய எழுத்தளவும் நிறமும் அகலமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஜிமெயிலில் அந்தப் பகுதியைத் தேர்ந்து Ctrl விசையோடு \ அழுத்தினால் அவை உதிர்ந்துவிடும்.

நூற்றுக்கணக்கானவருக்கு மென்பொருள் வழியே அனுப்புபவர்கள், தங்கள் வார்ப்புருவைச் செய்து கொடுத்தவரிடம் மூன்று வரிகளைக் காட்டிக் கேட்க வேண்டும்:

```html
<html lang="ta">
<table role="presentation">
<img src="line.png" alt="">
```

முதல் வரி, இது தமிழ் என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்கிறது. அது இல்லாமல் போனால் சில கருவிகள் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று திணறும். இரண்டாவது, பக்கத்தை அடுக்குவதற்காக மட்டும் போட்ட அட்டவணையை ‘அட்டவணை, 4 வரிசை, 2 பத்தி’ என்று அறிவிக்க வேண்டாம் என்கிறது. மூன்றாவது, வெறும் அலங்காரக் கோடாக இருக்கும் படத்தைத் தாண்டிப் போகச் சொல்கிறது. வடிவமைப்பு கனத்துப் போனால் இன்னொரு சிக்கலும் வரும். மின்னஞ்சலின் நிரல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மடித்து வைத்துவிடும். கடைசியில் வைத்த லிங்க் பலரது கண்ணிலும் காதிலும் படாது.

இதையெல்லாம் சரியாகச் செய்திருக்கிறோமா என்று அறிய வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மின்னஞ்சலை முதலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் Settings, Accessibility, TalkBack என்று போங்கள். அங்கே டாக்பேக்குக்கான குறுக்குவழியை முதலில் இயக்கி வையுங்கள். ஒலி கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் வரும், மறுபடி பிடித்தால் போகும். இதைச் செய்யாமல் தொடங்கினால் எப்படி நிறுத்துவது என்று திண்டாடிப் போவீர்கள். டாக்பேக் இயங்கும்போது ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். விரலை வலப்பக்கம் தேய்த்தால் அடுத்ததற்குப் போகும். திரையைப் பார்க்காமல், உங்கள் மின்னஞ்சலில் கட்டணம் கட்டும் லிங்க்கைக் கண்டுபிடித்துத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அதை இன்னும் அனுப்பாதீர்கள். திருத்திவிட்டு அனுப்புங்கள்.